ஒரு வருஷம் டைம் இருக்கிறது என்று நகைக்கடனை மறந்துவிடாதீர்கள்

ஏல அறிவிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்: “ஒரு வருஷம் டைம்னு சொன்னாங்களே சார், நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னுதானே சொன்னாங்க?” இரண்டுமே அவர்களிடம் சொல்லப்பட்டதுதான். ஆனால் ஒரு ரூபாய் வட்டி முதல் 30 நாளுக்குள் கட்டுகிறவருக்கு. ஒரு வருஷம் என்பது கடைசிக் கெடு. ஒன்றின் நிபந்தனையை இன்னொன்றோடு சேர்த்துப் புரிந்துகொண்டதால் எத்தனையோ தாலிக்கொடிகளும் வளையல்களும் மூழ்கியிருக்கின்றன. அடகுச் சீட்டின் பின்பக்கத்தைப் பத்து நிமிடம் படித்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

முதலில் வட்டி ஸ்லாப். வங்கிகளில் பெரும்பாலும் கடன் காலம் முழுவதற்கும் ஒரே வட்டி. தனியார் நகைக்கடன் நிறுவனங்களின் ஸ்கீம்களில்தான் நாள் கூடக் கூட வட்டி ஏறும் அட்டவணை இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் மாறும்; ஒரு மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: 30 நாள் வரை ஆண்டுக்கு 12 சதவீதம், 31 முதல் 90 நாள் வரை 16, 91 முதல் 180 வரை 20, அதற்கு மேல் 24.

இதைப் படிக்கிற எல்லோரும் போடும் கணக்கு: முதல் 30 நாளுக்கு 12, அடுத்த 60 நாளுக்கு 16, அதற்கடுத்த நாட்களுக்கு 20. இந்தக் கணக்கு தப்பு. எத்தனை முறை சொன்னாலும் போதாது என்பதால் மறுபடி சொல்கிறேன்: இத்தகைய ஸ்கீம்களில் நீங்கள் கட்டுகிற நாள் எந்த ஸ்லாபில் விழுகிறதோ, அந்த வட்டி கடன் வாங்கிய முதல் நாளிலிருந்தே போடப்படும். 91-வது நாளில் கட்டினால் 91-வது நாளுக்கு மட்டும் 20 சதவீதம் அல்ல, 91 நாளுக்கும் 20 சதவீதம். 12 என்பது நேரத்துக்குக் கட்டுகிறவருக்குத் தரும் தள்ளுபடி வட்டி. ஸ்கீமின் உண்மையான வட்டி அட்டவணையின் கடைசி வரியில் இருக்கும் 24. நம் வழக்கில் சொன்னால் ரெண்டு ரூபாய் வட்டி.

2 லட்சம் ரூபாய் கடனுக்குப் பார்ப்போம். 90-வது நாளில் வட்டி கட்டினால் 16 சதவீதத்தில் 7,890 ரூபாய். மறுநாள் கட்டினால் 20 சதவீதத்தில் 9,973. ஒரே ஒரு நாள் தாமதத்துக்கு 2,083 ரூபாய். 180-வது நாளில் 19,726. 181-வது நாளில் 23,803. ஒரு நாளைக்கு 4,077 ரூபாய் போகிறது. ஒரு வருஷம் முழுக்கக் கட்டாமல் விட்டால் வட்டி மட்டும் 48,000. ‘ஒரு ரூபாய் வட்டி’ என்று நினைத்தவர் எதிர்பார்த்தது 24,000.

மாதாமாதம் வட்டி கட்டுகிறவர்களும் ஓர் இடத்தில் தவறாமல் சறுக்குகிறார்கள். அட்டவணையில் இருப்பது 30 நாள், ஒரு மாதம் அல்ல. ஜனவரி 5-ஆம் தேதி வைத்த நகைக்குப் பிப்ரவரி 5-ஆம் தேதி வட்டி கட்டப் போனால் அது 31-வது நாள். 30-வது நாளில் 1,973 ரூபாய் கட்டியிருக்க வேண்டியவர் 2,718 கட்டுவார். மாதத்துக்கு 31 நாள் வரும்போதெல்லாம் இப்படி 745 ரூபாய் கை நழுவும். நகை வைத்த அன்றைய நாளையும் ஒரு நாளாக எண்ணும் இடங்கள் உண்டு. அதனால் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கட்டிவிடுங்கள். பெரும்பாலான ஸ்கீம்களில் வட்டியை முழுசாகக் கட்டிய நாளிலிருந்து எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே அடுத்த கெடு தேதியும் நகரும். ஒவ்வொரு முறையும் ரசீதிலேயே அடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

‘முழுசாக’ என்பதைக் கவனியுங்கள். 91-வது நாளில் 9,973 ரூபாய் வட்டி நிற்கும்போது கையில் இருந்த 9,000-ஐக் கட்டிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் முதலில் வட்டிக்குத்தான் போகும், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மிச்சம் 973 நிற்பதால் நாள் எண்ணிக்கையும் புதுசாகத் தொடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கலாம். கவுண்ட்டரில் கேட்க வேண்டிய கேள்வி, “எவ்வளவு கட்டினால் ஸ்லாப் திரும்ப முதலிலிருந்து வரும்?” என்பதுதான்.

இன்னொன்று. கிராமுக்கு யார் அதிகம் தருகிறார்கள் என்று மட்டும் விசாரித்து ஸ்கீமைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிராமுக்கு அதிகம் தரும் ஸ்கீமில்தான் பொதுவாக வட்டியும் அதிகம். அதைவிட முக்கியம், நகையின் மதிப்புக்கும் உங்கள் கடனுக்கும் இடையே இருக்கும் இடைவெளி அதில் குறைவு. தங்கம் விலை இறங்கினாலோ வட்டி ஏறினாலோ அந்த இடைவெளி தீர்ந்துவிடும். அப்போது கெடு முடியும் முன்பே ‘கூடுதல் பணம் கட்டு, அல்லது கூடுதல் நகை வை, இல்லாவிட்டால் ஏலம்’ என்று கேட்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தரும் ஷரத்து ஒப்பந்தங்களில் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இந்த இடைவெளிக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதிகள் போட்டது. எல்லா வங்கிகளும் நிறுவனங்களும் கடைப்பிடிக்கக் கடைசித் தேதி 2026 ஏப்ரல் 1. சொந்தச் செலவுக்கான நகைக்கடனுக்கு கடன் தொகை 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை என்றால் 80, அதற்கு மேல் என்றால் 75 தரலாம். கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனில், கெடு நாளன்று சேரும் வட்டியையும் கூட்டித்தான் இந்த வரம்பு பார்க்கப்படும். கெடுவும் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. “85 சதவீதம்னு நியூஸ்ல சொன்னாங்க, நீங்க ஏன் கொறச்சுத் தர்றீங்க?” என்று கவுண்ட்டரில் சண்டை போடுகிறவர்களுக்கு இதுதான் பதில். அந்த 85-க்குள் ஒரு வருஷ வட்டியும் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய தெருமுனை அடகுக்கடைக்கு இந்த விதிகள் பொருந்தாது. அதற்குத் தமிழ்நாட்டில் 1943-ஆம் வருஷத்து அடகுக்கடைச் சட்டம் தனி.

இனி ஏல அறிவிப்பு. “எனக்கு நோட்டீஸே வரலை” என்பது அடுத்து கேட்கும் வாக்கியம். விசாரித்தால் நோட்டீஸ் போயிருக்கும். ஆதாரில் இருக்கும் சொந்த ஊர் முகவரிக்குப் போய், ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பியிருக்கும். ஆள் குடும்பத்தோடு திருப்பூரில் இருப்பார். எஸ்எம்எஸ் பழைய நம்பருக்குப் போயிருக்கும். கொடுத்த முகவரிக்கு அனுப்பினாலே தந்ததாகக் கொள்ளப்படும் என்று ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். ஆகவே வீடு மாறினால், நம்பர் மாறினால், கிளைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இதைக்கூடச் செய்யாமல் பிறகு வந்து அழுவதில் பயனில்லை.

அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் நடுவில் எத்தனை நாள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். புது விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கையெழுத்துக்கு முன் அந்த எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள். முக்கிய நிபந்தனைகளை நீங்கள் கேட்கும் மொழியில், தமிழிலேயே, சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிறுவனத்தில் வேலை செய்யாத ஒரு சாட்சி முன்னிலையில் விளக்க வேண்டும்.

அறிவிப்பு வந்துவிட்டால் நகை போய்விட்டது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 177-இன்படி, கெடு தாண்டிய பிறகும் பொருள் உண்மையில் விற்கப்படும் வரை அதை மீட்கலாம். தாமதத்தால் ஆன செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஏல நாள் நாளை என்றாலும் இன்றைக்குக் கிளைக்குப் போய், அன்றைய தேதிக்குக் கட்ட வேண்டிய தொகையை எழுதி வாங்குங்கள். அதில் அசல், வட்டி, அபராதக் கட்டணம், நோட்டீஸ் செலவு தனித்தனியாக இருக்க வேண்டும். அபராதம் என்ற பெயரில் வட்டி விகிதத்தை ஏற்றுவதையும், அபராதத் தொகைக்கு மேல் வட்டி போடுவதையும் ரிசர்வ் வங்கி 2024 முதல் தடுத்திருக்கிறது. ஆனால் கெடு தாண்டியதால் தள்ளுபடி போய்ப் பழைய 24 சதவீதம் வருவது அபராதம் இல்லை. அதை வைத்து வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

முழுப் பணமும் இல்லையென்றால் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியுமா என்று கேளுங்கள். வட்டியைக் கட்டாமல், அதையும் அசலில் சேர்த்து மாற்றி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வருஷம் வட்டிக்கு வட்டி போட்டு இதே மேசைக்கு வருவீர்கள். புது விதியும் மொத்தமாகக் கட்டும் கடனைப் புதுப்பிக்கும் முன் சேர்ந்த வட்டியை வாங்கச் சொல்கிறது.

“போனால் போகட்டும், நகையோடு கடன் தீர்ந்தது” என்பதும் தப்பு. அதே 2 லட்சம் கடனில், நகையின் இன்றைய மதிப்பு 2,70,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷ முடிவில் நிற்பது 2,48,000. ஏலத்தின் ஆரம்ப விலை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதாவது 2,43,000. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85 சதவீதம் வரை இறங்கலாம். 2,43,000-க்கே விற்றால் 5,000 ரூபாயும் ஏலச் செலவும் இன்னும் உங்கள் தலையில்தான். பிரிவு 176 அதை வசூலிக்க அனுமதிக்கிறது. நகையும் போய், கடனும் நிற்கும்.

மாறாக 2,65,000-க்கு விற்றால் மிஞ்சும் 17,000-இல் ஏலச் செலவு போக மீதி உங்களுடையது. ஏலப் பணம் முழுசாக வந்து 7 வேலை நாட்களுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். ஏலத்தில் என்ன விலைக்குப் போனது, எந்தச் செலவு கழிக்கப்பட்டது என்ற கணக்கும் உங்களுக்குச் சேர வேண்டும். தங்கம் விலை ஏறியிருக்கும் காலத்தில் இந்த மிச்சம் பெரிய தொகையாக இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு கிளைப் பக்கமே போகாமல் இருப்பதால் பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். எழுத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் புகார் தரலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. அடகுச் சீட்டு, வட்டி ரசீதுகள், மதிப்பீட்டுச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். சான்றில் மொத்த எடை, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது, நிகர எடை, தூய்மை எல்லாம் இருக்கும். நகை வைக்கிற அன்றே உங்கள் முன்னால் எடை போட்டு அதை வாங்காமல் கவுண்ட்டரை விட்டு நகராதீர்கள்.