18 ஆண்டு வேலைக்கு 2,886 ரூபாய்: அந்தத் தொகை எங்கிருந்து வந்தது?

கோவையில் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் தொடர்பான மனுக்களை எழுதிக் கொடுப்பதும், கணக்கைச் சரிபார்த்துச் சொல்வதும் என் வேலை. சில மாதங்களுக்கு முன் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், ஓய்வூதிய ஆணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். "சார், மாதம் ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டார்கள். கேட்டால் கணக்கு சரிதான் என்கிறார்கள். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் போட்டு வைத்திருந்த கணக்கு இது. சம்பளம் 15,000 ரூபாய், வேலை பார்த்தது 18 ஆண்டு. 15,000-ஐ 18 ஆல் பெருக்கி 70 ஆல் வகுத்தால் 3,857 ரூபாய் வருகிறது. ஆணையில் இருந்ததோ 2,886 ரூபாய். வித்தியாசம் 971 ரூபாய். மாத்திரைச் செலவுக்கு என்று அவர் மனதில் ஒதுக்கி வைத்திருந்த தொகை ஏறத்தாழ அதுதான்.

அவர் பெருக்கலில் தவறு இல்லை. சூத்திரமும் சரியானதே. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், அதாவது இ.பி.எஸ்., 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்:

```
மாத ஓய்வூதியம் = சராசரிச் சம்பளம் × பணி ஆண்டுகள் ÷ 70
```

எதற்கு 70 என்று பலரும் கேட்பார்கள். 35 ஆண்டுகளை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் விளங்கும்: 35-ஐ 70 ஆல் வகுத்தால் பாதி. 35 ஆண்டு கணக்கில் இருப்பவருக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். மற்றவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சம்பளத்தின் எழுபதில் ஒரு பங்கை ஓய்வூதியத்தில் சேர்க்கிறது.

மேலே போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பி.எஃப். பாஸ்புக்கில் 'பென்ஷன்' என்ற பத்தியில் மாதாமாதம் ஏறும் தொகை நம் சேமிப்பு அல்ல. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் எல்லாருடைய ஓய்வூதியத்துக்குமான பொது நிதிக்குப் போகிறது. அரசு தன் பங்காக 1.16 சதவீதம் சேர்க்கிறது. நம் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போகிறது. அந்தப் பொது நிதியில் நம் பெயரில் வட்டி வளர்வதில்லை. பென்ஷன் பத்தியின் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்து, "இவ்வளவு கட்டியிருக்கிறேன், இவ்வளவுதானா?" என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை ஆண்டு, என்ன சராசரி என்ற இரண்டை மட்டுமே சூத்திரம் பார்க்கிறது.

பெரியவர் விட்டுவிட்டது சம்பள வரம்பு மாறிய தேதியை. ஓய்வூதியத்துக்காகக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் அது 5,000 ரூபாய். 2001 ஜூன் முதல் 6,500 ரூபாய். 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 ரூபாய். 2014-இல் வரம்பை உயர்த்தியபோதே, அந்தத் தேதிக்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாயும் பிந்தைய பணிக்காலத்துக்கு 15,000 ரூபாயும் உச்சமாக வைத்து, இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்று விதியில் சேர்த்துவிட்டார்கள். பழைய ஆண்டுகளுக்குப் பழைய வரம்பின்படிதான் நிதிக்குப் பணம் வந்தது என்பதே அதற்குச் சொல்லும் காரணம்.

அவர் 2006 செப்டம்பர் 1 அன்று வேலையில் சேர்ந்து, 58 வயது நிறைந்து 2024 ஆகஸ்ட் 31 அன்று ஓய்வு பெற்றவர். கடைசி ஐந்தாண்டுகளில் அவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000-ஐத் தாண்டியிருந்தன. ஆகவே அவருடைய 18 ஆண்டு இப்படிப் பிரிகிறது:

```
2014 ஆகஸ்ட் வரை :  6,500 ×  8 ÷ 70 =   742.86
அதற்குப் பின்     : 15,000 × 10 ÷ 70 = 2,142.86
மொத்தம்          :                   2,885.72
```

ரூபாய்க்கு முழுமையாக்கினால் 2,886. அவரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் முதல் எட்டு வருஷத்துக்குப் பாதி விலைகூட இல்லையா?" என்று கேட்டார். இல்லை. ஒரே மனிதர், ஒரே ரிங் ஃபிரேம் இயந்திரத்தின் முன் நின்ற ஓர் ஆண்டு, 2014-க்கு முன் என்றால் ஓய்வூதியத்தில் சுமார் 93 ரூபாய்; பின் என்றால் சுமார் 214 ரூபாய். விதி அப்படி இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதும் இல்லை என்பதால் அந்தப் பழைய வரம்பின் சுமை கடைசிவரை கூடவே வருகிறது. ஆனால் அலுவலகத்தில் போட்ட கணக்கில் பிழை இல்லை என்பதை அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

சராசரி என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்பு கடைசி 12 மாதச் சராசரியை எடுத்தார்கள். 2014 செப்டம்பர் முதல் கடைசி 60 மாதச் சராசரி. 15,000-க்கு மேல் வாங்குபவர்களுக்கு இதனால் பெரிய மாற்றம் இல்லை. குறைந்த சம்பளக்காரர்களைத்தான் இது பாதிக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் சம்பளம் கடைசி ஐந்தாண்டில் 9,000, 9,500, 10,000, 10,500, 11,000 என்று ஆண்டுதோறும் ஏறியிருந்தால், ஓய்வு பெறும்போது வாங்குவது 11,000. ஓய்வூதியத்துக்கு எடுப்பது 10,000. 2014-க்குப் பிந்தைய 10 ஆண்டு பணி என்றால் 10,000-ஐ 10 ஆல் பெருக்கி 70 ஆல் வகுத்து 1,429 ரூபாய். அவருக்குக் கையில் வந்தது மாதம் 15,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் 4,000 ரூபாயை வீட்டு வாடகைப்படி என்று சம்பளச் சீட்டில் பிரித்து எழுதியிருந்தால் அந்த 4,000 இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

நம் கணக்கில் எந்தச் சம்பளத்தைக் காட்டுகிறார்கள் என்பதைப் பாஸ்புக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். பென்ஷன் பத்தியில் ஒரு மாதத் தொகையை 8.33 ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 833 ரூபாய் இருந்தால் காட்டிய சம்பளம் 10,000. 1,250 ரூபாய் இருந்தால் 15,000. இன்றைய வரம்புக்கு அதற்கு மேல் பொதுவாக ஏறாது. 2014 ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் உச்சமாக 541 ரூபாய் இருக்கும். பி.எஃப். பத்தியில் பணம் ஏறியிருக்க, பென்ஷன் பத்தியில் நடுவில் சில மாதங்கள் வெறும் பூஜ்யமாக இருந்தால் வேலையில் இருக்கும்போதே நிர்வாகத்திடம் கேட்டுவிட வேண்டும். ஓய்வுக்குப் பிறகு, அதுவும் கம்பெனி மூடிய பிறகு, அதைத் திருத்த அலைவது எவ்வளவு கடினம் என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஆனால் வேறு ஊழியர் எண்ணிலிருந்து மாற்றல் ஆகி வந்த வரியில் பென்ஷன் தொகை பூஜ்யமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். மாற்றலில் பி.எஃப். பணம் நகர்கிறது, ஓய்வூதியத்துக்கு நகர்வது பணி ஆண்டு மட்டும். அந்த ஆண்டு சேர்ந்திருக்கிறதா என்பதைச் சேவை விவரப் பகுதியில், சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெரியவரிடம் பேசிக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. "2006-க்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" வேறொரு மில்லில் மூன்று ஆண்டு, பி.எஃப். பிடித்துத்தான், என்றார். அங்கிருந்து விலகியபோது யாரோ நிரப்பிக் கொடுத்த படிவங்களில் கையெழுத்துப் போட்டு எல்லாப் பணத்தையும் எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று படிவம் 10-சி. ஓய்வூதியப் பங்கைத் திரும்பப் பெறும் படிவம் அது. பத்து ஆண்டுக்குக் குறைவான பணிக்கு அப்படி எடுக்க விதி இடம் தருகிறது. மூன்று ஆண்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று மாதச் சம்பளம். எடுத்த அன்றே அந்த மூன்று ஆண்டும் கணக்கிலிருந்து அழிந்துவிடும்.

எடுக்காமல் புதிய மில்லுக்கு மாற்றியிருந்தால் அவருடைய பணி 21 ஆண்டு. மூன்று ஆண்டுக்கு, 6,500 ரூபாய் வரம்பில், மாதம் 279 ரூபாய் கூடியிருக்கும். அதோடு முடியவில்லை. 58 வயதில் ஓய்வு பெறுபவர் 20 ஆண்டு பணி முடித்திருந்தால் அவருக்கு இரண்டு ஆண்டு போனஸாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு ஆண்டைக் குறைந்த வரம்பில் போட்டாலும் 186 ரூபாய். ஆக, மாதம் குறைந்தது 465 ரூபாய். அதுவும் ஆயுள் முழுக்க. அவருக்குப் பின் மனைவிக்கு அவருடைய ஓய்வூதியத்தில் பாதி என்பதால், அந்த அம்மாளுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் கைக்கு வந்த அந்தச் சில ஆயிரம் ரூபாய் எதற்குச் செலவானது என்றுகூட அவருக்கு நினைவில்லை.

பணி ஆண்டைக் குறைக்கும் இன்னொன்று, சம்பளமில்லா விடுப்பு. மில் கதவடைப்பு, நீண்ட நோய், ஊருக்குப் போய்த் தங்கிய மாதங்கள் என்று பங்களிப்பு செலுத்தாத நாட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பணிக்காலத்திலிருந்து கழித்துவிடுவார்கள். ஆண்டுக் கணக்கில் ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த முழு ஆண்டு, குறைந்தால் விட்டுவிடுவார்கள். ஓய்வூதியம் வாங்கத் தகுதியே குறைந்தது 10 ஆண்டு பணி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்கில் எவ்வளவு குறைந்து வந்தாலும் 58 வயதில் ஓய்வு பெறும் உறுப்பினருக்கு மாதம் 1,000 ரூபாய்க்குக் கீழே போகாது. 2014 செப்டம்பர் முதல் அதுதான் குறைந்தபட்சம்.

வயதைப் பற்றி: 50 முடிந்தவர் முன்கூட்டியே ஓய்வூதியம் கேட்கலாம். 58-க்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ அதற்கு ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு, அது நிரந்தரம். 58 ஆனதும் கழித்ததைத் திருப்பிச் சேர்க்க மாட்டார்கள். 58-க்கு மேல் 60 வரை வாங்காமல் தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும்.

பெரியவர் கிளம்பும்போது தன் மகளைப் பற்றிச் சொன்னார். ஒரு கம்பெனியில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வேறிடம் மாறுகிறாளாம், பி.எஃப். பணத்தை எடுக்கப் படிவம் நிரப்பி வைத்திருக்கிறாளாம். "கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அங்கேயே என் மேசைமேல் இருந்த தொலைபேசியில் மகளை அழைத்து, 10-சி படிவத்தைக் கிழித்துப் போடச் சொன்னார். மறுநாள் அந்தப் பெண் வந்து பழைய ஊழியர் எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு மாற்றல் மனுவைப் பதிவு செய்துவிட்டுப் போனாள்.