ஓடி முடித்த பிறகு எடை கூடியிருந்தால்

மாரத்தான் ஓடி முடித்தவரை எடை மெஷினில் நிற்க வைத்தால், கிளம்பும்போது இருந்ததைவிட எடை கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். வியர்வையாகத் தண்ணீர் போயிருக்கிறது. தசையில் சேமித்து வைத்திருந்த சர்க்கரையும் எரிந்து தீர்ந்திருக்கிறது. அப்படியும் சிலருக்கு எடை கூடியிருக்கும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடியவர்கள் இவர்கள். ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையும் வாய்ப்பும் இவர்களுக்குத்தான் அதிகம். இந்த நிலைக்கு ஹைப்போநட்ரீமியா என்று பெயர்.

இது அபூர்வமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு அது 120க்கு இறங்கியிருந்தது, அல்லது அதற்கும் கீழே. லிட்டர் ரத்தத்துக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பதுதான் சரியான அளவு. சோடியம் குறைந்தவர்களிடம் பளிச்சென்று தெரிந்த பொது அம்சம், ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததுதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் சோடியக் குறைவு அதிகமாக இருந்தது.

வியர்வையில் உப்பு போகிறது, அதனால்தான் சோடியம் குறைகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, கணக்குப் போட்டால் இடிக்கிறது. வியர்வையில் உள்ள உப்பின் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் குடிக்காமல் வியர்த்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியத்தின் செறிவு கூடத்தான் செய்யும். அது குறைய வேண்டுமானால் வெளியிலிருந்து தண்ணீர் வந்து சேர வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் ஐந்து மணி நேரம் மெதுவாக ஓடுகிறார். உடலில் சுமார் 30 லிட்டர் தண்ணீர், சோடியம் அளவு 140. மெதுவாக ஓடுவதால் வியர்வையும் மிதம்தான், மணிக்கு அரை லிட்டர். தண்ணீர் மேசை எங்கே தென்பட்டாலும் நின்று குடிக்கிறார். மணிக்கு ஒரு லிட்டர் வீதம் மொத்தம் 5 லிட்டர் உள்ளே போகிறது. வியர்வையில் இரண்டரை லிட்டர், சிறுநீரில் அரை லிட்டர் வெளியே போகிறது. மிச்சம் 2 லிட்டர் உடம்பிலேயே தங்கிவிடுகிறது.

லிட்டருக்கு 140 வீதம் 30 லிட்டருக்கு 4200. வியர்வையில் லிட்டருக்கு 40 என்று வைத்துக்கொண்டால் 100 போய்விட்டது, மீதி 4100. இப்போது அது பரவியிருப்பது 32 லிட்டரில். வகுத்தால் 128. உண்மையான உடம்பு இவ்வளவு எளிமையாகக் கணக்குப் பார்க்காது, ஆனாலும் போக்கு இதுதான்.

இப்போது அவர் வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் லிட்டருக்குச் சுமார் 20 சோடியம் இருக்கும். 5 லிட்டரில் 100. அதாவது வியர்வையில் போன உப்பு முழுதும் திரும்பிவிட்டது. அப்படியும் 4200-ஐ 32-ஆல் வகுத்தால் 131தான். உப்பு மாத்திரை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்த 131-ஐ ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். இதே பெண் தாகம் எடுத்தபோது மட்டும், மொத்தமாக 2 லிட்டர் வெறும் தண்ணீர் குடித்திருந்தால்? உடலில் 29 லிட்டர் தண்ணீர், சோடியம் 141. எடை ஒரு கிலோ குறைந்திருக்கும், அது பிரச்சினையே இல்லை.

சரி, கூடுதல் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடாதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது தள்ளும், மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேலேயே. ஆனால் நீண்ட ஓட்டம், வலி, குமட்டல் எல்லாம் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கின்றன. தண்ணீரை விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதன் வேலை. சோடியம் இறங்கும்போது அது அடங்க வேண்டும், ஓட்டத்தில் பலருக்கு அடங்குவதில்லை. வேகமாக ஓடுபவர் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுவார், ஓடும் வேகத்தில் அவரால் அதிகம் குடிக்கவும் முடியாது. மெதுவாக ஓடுபவருக்குக் குடிக்க நேரமும் இருக்கிறது, வாய்ப்பும் இருக்கிறது.

ரத்தம் நீர்த்ததும் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். தசை வீங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூளை வீங்க மண்டை ஓட்டுக்குள் இடமில்லை. சோடியம் பல நாட்களில் மெல்ல இறங்கினால் மூளைச் செல்கள் உள்ளிருக்கும் உப்புகளை வெளியேற்றிச் சமாளித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் இறங்கும்போது அதற்கு அவகாசம் இல்லை.

ஆரம்ப அறிகுறிகள் சப்பென்றுதான் இருக்கும். வயிறு உப்பி, குடித்தது உள்ளே தளும்புவது போலத் தோன்றும். குமட்டும், தலை வலிக்கும், சோர்வாக இருக்கும். காலையில் தளர்வாகச் சுற்றிய மோதிரம் விரலைப் பிடிக்கும். கைக்கடிகாரப் பட்டை தோலில் பதிந்து, கழற்றினால் பள்ளம் தெரியும். முகமும் உப்பியிருக்கலாம். இந்த நேரத்தில் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி பத்தல, இன்னும் கொஞ்சம் குடிங்க." குமட்டல், தலைவலி, கிறுகிறுப்பு எல்லாம் நீர்ச்சத்துக் குறைவிலும் வரும் என்பதால் இந்தத் தவறு சுலபமாக நடக்கிறது. பிரித்துப் பார்க்க உதவுவது வீக்கமும் எடையும்தான். தாகமே இல்லாமல், விரல்கள் தடித்து, எடை குறையாமல் இருக்கும் ஒருவருக்குக் குமட்டினால் அடுத்த தம்ளரைக் கொடுக்கக் கூடாது. எடை அப்படியே இருந்தால்கூட ஏற்கெனவே தண்ணீர் கூடுதல் என்றே அர்த்தம், ஏனென்றால் எரிந்த சர்க்கரையின் எடையாவது குறைந்திருக்க வேண்டும்.

பேச்சு குழறுவது, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், காரணமில்லாத எரிச்சல், தொடர் வாந்தி, மூச்சுத் திணறல் என்று வந்துவிட்டால் அது அவசர சிகிச்சைக்கான கட்டம். அடுத்தது வலிப்பும் மயக்கமும்தான்.

இன்னொரு சிக்கல், ஓட்டம் முடிந்த பிறகும் நிலைமை மோசமாகலாம். வயிற்றிலும் குடலிலும் தேங்கியிருந்த தண்ணீர் அப்போதுதான் ரத்தத்தில் கலக்கும். முடிக்கும்போது நன்றாக இருந்தவர் ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போகும் வழியில் குழப்பமாகப் பேச ஆரம்பிக்கலாம். லேசான அறிகுறி மட்டும் இருந்தால், சிறுநீர் தாராளமாகப் போகும்வரை தண்ணீரை நிறுத்தி வைத்து, உப்பு நிறைந்த சூப் மாதிரி எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். குழப்பம் தெரிந்தால் நேரே மருத்துவமனைதான். அங்கே எவ்வளவு குடித்தார், எடை எவ்வளவு கூடியது என்பதைச் சொல்லி, எந்த டிரிப்பும் ஏற்றுவதற்கு முன் சோடியத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வழக்கமான 0.9 சதவீத சலைன் இந்த நிலையைச் சரிசெய்யாமல் போகலாம், மோசமாக்கவும் கூடும். இதற்குரிய மருந்து 3 சதவீத உப்புக் கரைசல். ஒரு தடவைக்கு 100 மில்லி, தேவைப்பட்டால் பத்து நிமிட இடைவெளியில் மேலும் இரண்டு தடவை ஏற்றுவார்கள்.