நாலாம் வீடா, நாலாமிடமா?

"நான்காவது வீட்டின் பிரபு வலுவாக இருப்பதால் வீடு வாங்கும் வாய்ப்பு உள்ளது." கைப்பேசிச் செயலியில் ஜாதகம் பார்த்துவிட்டு இப்படி ஒரு வரியை அனுப்பி, "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நாலாவது வீடு என்றால் தெருவில் நாலாவது வீடா, பிரபு என்றால் அந்த வீட்டுக்காரரா என்று ஒருவர் கேட்டார். அவர் கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் எழுதியிருப்பதைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் தேட வேண்டியதே இல்லை. நாலாமிடம், அந்த இடத்து ராசிக்குச் சொந்தமான கிரகம் நாலுக்குடையவன். ஜோசியர்கள் காலங்காலமாக இப்படித்தான் சொல்லி வருகிறார்கள்.

லக்னத்தை ஒன்றாக வைத்து வலமாக எண்ணிக்கொண்டு வந்தால் நாலாவதாக வருவது நாலாமிடம். லக்னக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த கட்டத்திலிருந்து எண்ணுகிறவர்கள் ஐந்தாமிடத்தில் போய் நிற்பார்கள். தாய், சுகம், நிலம், வீடு, வாகனம் எல்லாம் இந்த இடத்துக்குள் அடங்கும் என்பது சாஸ்திரத்தின் கணக்கு. வடமொழியில் சுகஸ்தானம், மாத்ருஸ்தானம் என்பார்கள். வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டிலேயே இதை ஹிபுகம் என்றும் குறிக்கிறார். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். மூலச் சொல்லுக்கு 'மண்ணுக்கு அடியில்' என்று பொருள். கிழக்கில் உதிக்கும் புள்ளி லக்னம், உச்சி பத்தாமிடம் என்றால், நாலாமிடம் நம் காலுக்குக் கீழே பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும். நிலமும் மனையும் இந்த இடத்தோடு சேர்ந்ததில் வியப்பில்லை.

சரி, வீடு என்றால் என்ன குறைந்துவிடும்? நிறையவே குறையும். ஜோதிடத் தமிழில் வீடு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. மேஷமும் விருச்சிகமும் செவ்வாயின் வீடுகள். ரிஷபமும் துலாமும் சுக்கிரனின் வீடுகள். 'சொந்த வீட்டில் ஆட்சி', 'பகை வீட்டில் இருக்கிறான்' என்றெல்லாம் பேசும்போது வீடு என்பது ராசி, அதாவது ஒரு கிரகத்துக்குச் சொந்தமான முப்பது பாகை. யார் எப்போது பிறந்தாலும் ரிஷபம் சுக்கிரன் வீடுதான். நாலாமிடம் அப்படி நிலையானதல்ல, லக்னத்துக்கு லக்னம் மாறும். பழைய கிரேக்க ஜோதிடத்திலும் இவை இரண்டும் தனித்தனிச் சொற்கள்: ராசிக்கு 'வீடு', லக்னத்திலிருந்து எண்ணும் பன்னிரண்டு பாவங்களுக்கு 'இடம்'. ஆங்கிலம்தான் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியது. கிரேக்கன் வைத்த வேறுபாடும் ஸ்தானம் என்ற வடசொல்லும் தமிழில் 'இடம்' என்று அப்படியே பொருந்தி நிற்கும்போது, ஆங்கிலத்தின் குழப்பத்தை இறக்குமதி செய்து கொள்வானேன்?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'நான்காம் இல்லம்' என்று எழுதுகிறார்கள். வடமொழியை விரட்டுகிறோம் என்று ஆங்கிலத்தைக் கூட்டி வந்து நடுவீட்டில் உட்கார வைத்த கதை இது. 'நான்காம் இல்லத்தால் இல்லம் அமையும்' என்ற வரியைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாவம் என்று எழுதலாமே என்றால், நம் எழுத்தில் அதுவும் பாவ புண்ணியப் பாவமும் ஒன்றுதான். 'நாலாம் பாவம் கெட்டிருக்கிறது' என்று படித்துவிட்டுப் பரிகாரம் தேடி ஓடுகிறார்கள். ஸ்தானம் பரவாயில்லை. ஆனால் கிரந்த எழுத்தை நீக்கித் தானம் என்று எழுதினால் அது கொடை ஆகிவிடும். இடம் என்ற சொல்லில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பேச்சில் அதுகூட வேண்டாம், 'நாலில் செவ்வாய், பத்தில் குரு' என்றாலே போதும்.

வெறும் சொல் சண்டை என்று நினைக்காதீர்கள், கணக்கே மாறும். கும்ப லக்னம், லக்னப் பாகை 26 என்று ஒரு ஜாதகம் வைத்துக்கொள்வோம். கும்பத்துக்கு நாலாவது ரிஷபம், ஆகவே நாலுக்குடையவன் சுக்கிரன். அவன் ரிஷபத்தில் 4ஆம் பாகையில் இருக்கிறான். செவ்வாய் மிதுனத்தில் 6ஆம் பாகையில். ராசிக் கட்டத்தைப் பார்த்தால் நாலில் சுக்கிரன் ஆட்சி, ஐந்தில் செவ்வாய். லக்னப் பாகையை நடுவாக வைத்துச் சமமாகப் பிரித்துப் பாவச் சக்கரம் போட்டாலோ, நாலாமிடம் ரிஷபம் 11இல் தொடங்கி மிதுனம் 11 வரை ஓடும். சுக்கிரன் மூன்றுக்குப் போய்விடுவான், செவ்வாய் நாலுக்கு வந்துவிடுவான்.

இப்போது ஒரு ஜோசியர், "சுக்கிரன் தன் வீட்டிலேயே ஆட்சி, வாகன யோகம்" என்பார். இன்னொருவர், "அவன் மூன்றில் அல்லவா இருக்கிறான், நாலிலிருந்து எண்ணினால் அது பன்னிரண்டாவது, விரய ஸ்தானம், வாங்கினாலும் கையில் நிற்காது. பூமிகாரகன் செவ்வாய் நாலில் இருக்கிறான், மனையைப் பார்" என்பார். இருவரும் ஒரே ஜாதகத்தைத்தான் பார்க்கிறார்கள். வீட்டைப் பற்றி முதலாமவர் சொன்னது சரி, இடத்தைப் பற்றி மற்றவர் சொன்னது சரி. இரண்டையும் 'நான்காம் வீடு' என்றே மொழிபெயர்த்தால் படிப்பவருக்கு ஒருவர் பொய் சொல்வதாகவே படும்.

அப்புறம் இந்தப் 'பிரபு'. ஆங்கிலத்தில் அதிபதிக்குச் சொல்வதை அகராதியில் தேடி முதலில் கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 'ஆண்டவர்' என்று போட்ட புண்ணியவான்களும் உண்டு. நாலுக்குடையவன் என்பதில் உடைமை இருக்கிறது, எதற்கு உடையவன் என்ற எண்ணும் இருக்கிறது. ஒருவனே இரண்டு இடங்களுக்கு உடையவனாக வரும்போது 'நாலு, ஒன்பதுக்குடையவன்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மேலே சொன்ன கும்ப லக்னத்துக்குச் சுக்கிரன் அப்படித்தான், சிம்ம லக்னத்துக்குச் செவ்வாயும் அப்படித்தான். இதைப் பிரபுவை வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

காரகன் என்பதைக் 'குறிகாட்டி' என்கிறார்கள். பங்குச் சந்தைக்காரர்களுக்கு அது பொருந்தும். இங்கே காரகன் என்பவன் செய்விப்பவன். உடையவன் லக்னத்துக்கு லக்னம் மாறுவான், காரகன் மாற மாட்டான். செவ்வாய் எல்லா ஜாதகத்திலும் பூமிகாரகன், சுக்கிரன் எல்லா ஜாதகத்திலும் வாகனகாரகன். செவ்வாய்க்குக் குஜன், பௌமன் என்று பெயர், இரண்டுமே மண்ணில் பிறந்தவன் என்றுதான் சொல்கின்றன. நாலாமிடம் வீட்டுக்கும் வண்டிக்கும் பொது என்பதால், நாலுக்குடையவனோடு செவ்வாய் சேர்ந்தால் மனை, சுக்கிரன் சேர்ந்தால் வண்டி என்று ஜோசியர் பிரிக்கிறார். நாலில் சுக்கிரனுக்குத் திக்பலம், அதாவது திசையால் வரும் வலிமை, உண்டு, செவ்வாய்க்கு அது பத்தில்தான். அதனால் நாலில் செவ்வாய் என்றதும் நிலம் கொட்டும் என்று யாரும் துள்ளிவிடுவதில்லை. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும்போது அதே செவ்வாயைத் தோஷம் என்று ஒதுக்குவதும் உண்டு.

எப்போது வாங்குவார் என்பதற்குத் தசாபுக்தி பார்க்க வேண்டும். சுக்கிர தசை 20 வருடம், செவ்வாய் தசை 7. நாலுக்குடையவனின் தசையோ புக்தியோ நடக்காதபோது கட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜோசியர் பொறுங்கள் என்றுதான் சொல்வார். செயலியின் 'வாய்ப்பு உள்ளது' என்ற வரியில் எந்தத் தசை, எந்தப் புக்தி என்ற பேச்சே இல்லை. அதை நம்பி முன்பணம் கொடுக்கும் முன் வங்கிக் கணக்கில் இருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.