நாஸ் பெட்டி Degraded என்று எச்சரித்தால், டிஸ்க்கை உருவுவதற்கு முன்

நாஸ் என்பது பல கணினிகள் வலையமைப்பு வழியே கோப்புகளைச் சேமித்துவைக்கும் பெட்டி. இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே தரவை எழுதி வைக்கும் ரெய்டு 1 அமைப்புள்ள நாஸ் பெட்டி, திரையில் Degraded, அதாவது ஒரு டிஸ்க் வேலையில் இல்லை என்று எச்சரித்த பிறகும் எல்லாக் கோப்புகளையும் வழக்கம்போல் திறந்து காட்டும். அதனாலேயே பலர் பீப் ஒலியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். அண்மையில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்திலிருந்து பழுதுபார்க்க வந்த பெட்டியும் அப்படி மூன்று மாதம் ஓடியதுதான். இதே கதை திரும்பத் திரும்ப வருவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பெட்டியின் இரண்டாம் டிஸ்க், இணைப்பு தளர்ந்ததால் ஜூன் மாதத்தில் ரெய்டு தொகுப்பிலிருந்து விலகிவிட்டது. அதன்பின் எழுதப்பட்டவை எல்லாம் முதல் டிஸ்க்கில் மட்டுமே பதிவாயின. செப்டம்பரில் ஒருவர் பெட்டியை அணைத்து, இரண்டையும் உருவித் துடைத்து, கெட்டதென்று தாம் நினைத்த முதல் டிஸ்க்கை வெளியே வைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் செருகினார். இணைப்பு சரியானதால் அது ஜூன் மாதக் கோப்புகளுடன் உயிர்பெற்றது. யாரும் கோப்புத் தேதிகளைப் பார்க்கவில்லை. பிறகு முதல் டிஸ்க்கை மீண்டும் செருகி Repair பொத்தானை அழுத்தினார்கள். அழிக்கப்படும் என்ற எச்சரிக்கைக்கும் சம்மதம் கொடுத்தார்கள். ஜூன் மாத டிஸ்க், செப்டம்பர் மாத டிஸ்க்கின் மேல் முழுமையாக நகலெடுக்கப்பட்டது. மேலெழுதப்பட்ட தரவை எந்த மீட்பு நிலையத்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

‘இரண்டு டிஸ்க்கில் இருக்கிறதே, அதுதானே பேக்கப்?’ என்று அந்த அலுவலகத்தில் கேட்டார்கள். அல்லவே அல்ல. நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழிகிறது. ரான்சம்வேர் பூட்டினால் இரண்டும் பூட்டப்படுகின்றன. மின்னழுத்தம் எகிறினால் ஒரே பெட்டியில் உள்ள இரண்டும் ஒன்றாகப் போகக்கூடும். ஒரு டிஸ்க் நின்றாலும் அலுவலகம் நிற்காமல் நடக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே ரெய்டு 1 இருக்கிறது. நேற்றைய கோப்பை மீட்டுத் தருவது அதன் வேலை அன்று. பேக்கப் என்றால் இன்னொரு கருவியில், முடிந்தால் இன்னொரு கட்டடத்தில் உள்ள தனிப் பிரதி.

ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுப்பதுதான். புதிய டிஸ்க் வாங்கக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு. ரெய்டைப் புதுப்பிக்கும்போது எஞ்சியுள்ள டிஸ்க் பெரும்பாலும் தொடக்கம் முதல் இறுதிவரை படிக்கப்படும். பல காலம் தொடப்படாத பகுதியில் ஒளிந்திருக்கும் பழுது அப்போதுதான் வெளிப்படும். இரண்டும் ஒரே நாளில் வாங்கப்பட்டவை என்றால், அவற்றின் தேய்மானமும் ஏறத்தாழ ஒன்றுதான். டிஸ்க் தன் நலம் பற்றித் தானே பதிவுசெய்வது ஸ்மார்ட் அறிக்கை. எஞ்சிய டிஸ்க்கின் அந்த அறிக்கையில், சரியாகப் படிக்க முடியாத பகுதிகளின் எண்ணிக்கையான Current_Pending_Sector பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், நகல் முடியும்வரை Repair பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது, விலகிய டிஸ்க் எது என்று உறுதிசெய்வது. ஸ்லாட் வரிசையையோ, டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் தரும் sda, sdb என்ற பெயரையோ நம்பாதீர்கள். பெட்டியை மறுபடி இயக்கும்போது அந்தப் பெயர்கள் மாறக்கூடும். நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சீரியல் எண் காட்டப்படும். நலமாக உள்ள டிஸ்க்கின் எண்ணையும் பழுதானதன் எண்ணையும் தாளில் எழுதி, டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள எண்ணுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். லினக்ஸ் கட்டளை தெரிந்தவர்கள் ரூட் உரிமையுடன் இவற்றையும் இயக்கிப் பார்க்கலாம். sda3 போன்ற டிஸ்க் பிரிவின் பெயர் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும்.

```
cat /proc/mdstat
mdadm --examine /dev/sda3
mdadm --examine /dev/sdb3
```

முதல் கட்டளையில் [UU] என்று இருக்க வேண்டிய இடத்தில் [U_] என்றோ [_U] என்றோ வரும். மற்ற இரண்டில் Update Time வரியைப் பாருங்கள்: விலகிய டிஸ்க்கில் அது விலகிய நாளோடு நின்றிருக்கும். இதைப் பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்கியிருந்தால் அந்த அலுவலகத்தின் மூன்று மாதக் கணக்கு பிழைத்திருக்கும்.

எண்ணை உறுதிசெய்த பிறகு, பழுதான டிஸ்க்கை மட்டும் கழற்றுங்கள். ஓடும்போதே கழற்றும் வசதி உங்கள் பெட்டியில் உண்டா என்பது தெரியாவிட்டால் முறையாக அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நலமான டிஸ்க்கைத் தயவுசெய்து தொடாதீர்கள். துடைக்கவும் வேண்டாம், ஸ்லாட் மாற்றவும் வேண்டாம். பெட்டி மீண்டும் இயங்கியதும் அண்மைத் தேதியுள்ள கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்த பிறகே, அதே கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள காலியான புதிய டிஸ்க்கைச் செருகி Repair கொடுங்கள். 4 டிபி டிஸ்க் முழுவதையும் நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நகலெடுக்கவே சுமார் 7½ மணி நேரம் பிடிக்கும். பெட்டியில் வேலையும் நடந்தால் இன்னும் நீளும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கழற்றிய டிஸ்க்கில் தேதியை எழுதித் தனியே வையுங்கள். புதிய தொகுப்பு முழுமையாகி, கோப்புகள் திறப்பதையும் பேக்கப் ஓடுவதையும் சில வாரம் பார்க்கும்வரை அதை அழிக்கவும் வேண்டாம், சோதித்துப் பார்க்கிறேன் என்று அதே பெட்டியில் திரும்பச் செருகவும் வேண்டாம்.