கேஷ்: பதுக்கலா, சேமிப்பா, நகலா?

போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்ததும் டெலிகிராம் போன்ற செயலிகளில் பலரும் தேடிப் போகும் பொத்தான் Clear Cache. அதை அழுத்தப் போன விரலை அப்படியே நிறுத்துவதும் அந்தச் சொல்தான். 'பழைய படமெல்லாம் போய்விடுமோ?' என்ற பயம்.

கேஷ் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அம்மொழியில் 'காஷே' என்றால் ஒளித்து வைப்பது. வட அமெரிக்கக் காடுகளில் ரோமத்துக்காக விலங்கு பிடித்தவர்கள், திரும்பி வரும் வழியில் வேண்டும் என்று உணவையும் கருவிகளையும் குழிதோண்டி மறைத்து வைப்பார்கள். அந்த மறைவிடத்துக்கு இதுதான் பெயர். 1960களின் பிற்பகுதியில் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசைக் கணினியின் வேகமான சிறு நினைவகத்துக்கு இந்தப் பெயரை வைத்தது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கும் இதற்கும் உச்சரிப்பு ஒன்றுதான். சிலர் சொல்வதுபோல் 'கேட்ச்' அல்ல.

தமிழில் இதற்குப் 'பதுக்ககம்' என்று எழுதுவோர் உண்டு. வேரைப் பார்த்தால் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் பதுக்கல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கள்ளச் சரக்கு. 'தற்காலிகச் சேமிப்பு' அதைவிட நல்ல சொல். என்றாலும் 'சேமிப்பு' என்று சொல்லிவிட்டு அதை அழி என்றால் யாருக்குத்தான் கை வரும்? நான் 'தற்காலிக நகல்' என்றே சொல்வேன். நகல் என்று சொன்னவுடன் அசல் எங்கே என்ற கேள்வி எழும். கேட்க வேண்டியதும் அதைத்தான்.

டெலிகிராமில் சாதாரண உரையாடல்களின் அசல் அதன் சர்வரில் இருக்கிறது. புதிய போனில் உள்நுழைந்தாலும் பழைய பேச்சு முழுதும் வந்து நிற்பது அதனால்தான். நீங்கள் ஒரு வீடியோவைத் திறக்கும்போது அதன் நகல் ஒன்று போனில் இறங்குகிறது. கேஷை அழித்தால் போவது அந்த நகல் மட்டுமே. அழித்தபின் அதே உரையாடலுக்குப் போய்ப் பாருங்கள்: செய்திகள் அப்படியே இருக்கும், வீடியோ மங்கலாகி மேலே கீழ்நோக்கிய அம்புக்குறி நிற்கும். தொட்டால் மறுபடி இறங்கும். செலவு உங்கள் டேட்டாதான்.

வாட்ஸ்அப்பில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே செய்தி வந்து சேர்ந்தபின் உங்கள் போனில் இருப்பதே உங்கள் அசல். அதன் சேமிப்பகப் பக்கத்தில் ஒரு வீடியோவை நீக்கினால், பேக்கப் இல்லாத பட்சத்தில் அனுப்பியவரிடமே மறுபடி கேட்க வேண்டியதுதான்.

டெலிகிராமில் கையால் அழித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. Settings, Data and Storage, Storage Usage என்ற வரிசையில் போனால் கீழே Auto-remove cached media இருக்கும். தனி உரையாடல், குழு, சேனல் மூன்றுக்கும் தனித்தனியாகக் காலக்கெடு வைக்கலாம். இந்தக் கெடு படம் வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, நீங்கள் கடைசியாகத் திறந்த நாளிலிருந்து ஓடுகிறது. ஒரு வாரம் என்று வைத்திருந்தாலும், அடிக்கடி திறக்கும் பாடக் குறிப்பு PDF போனிலேயே இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டு மறந்த வீடியோ போய்விடும்.

ஒருவர் போனில் டெலிகிராம் 11 ஜிபி பிடித்திருக்கிறது, அதில் 8 ஜிபி சேனல் வீடியோ என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் துடைக்கத் தேவையில்லை. அதே பக்கத்தில் எந்த உரையாடல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரியும். சேனல்களை மட்டும் தேர்ந்து அழித்துவிட்டு, சேனலுக்குக் குறைந்த கெடுவும், குழுவுக்கு ஒரு மாதமும், தனி உரையாடலுக்கு 'எப்போதும்' என்றும் வைத்தால் போதும். கேஷின் மொத்த அளவுக்கு உச்சவரம்பு வைக்கவும் அங்கேயே வழி உண்டு. அழித்தபிறகும் போனில் பெரிதாக இடம் கிடைக்கவில்லை என்றால் கேலரியைப் பாருங்கள். அங்கே சேமித்தவை வேறு நகல்கள், கேஷை அழிப்பது அவற்றைத் தொடாது.

அசலே இல்லாமல் போகும் இடங்களும் உண்டு. அனுப்பியவர் செய்தியை நீக்கிவிட்டாலோ, சேனலே மறைந்துவிட்டாலோ, திரும்ப இறக்க ஒன்றும் இருக்காது. Secret Chat உரையாடல்கள் கிளவுடில் சேர்வதில்லை. அதில் வந்த முக்கியமான படத்தைக் கெடு வைக்கும் முன்பே தனியாகச் சேமித்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டின் செயலி அமைப்பில் Clear cache பக்கத்திலேயே Clear data அல்லது Clear storage என்று இன்னொன்று இருக்கும். அதை அழுத்தினால் கணக்கிலிருந்து வெளியேறிவிடுவீர்கள். திரும்ப நுழைந்தால் கிளவுடில் உள்ளதெல்லாம் வரும், Secret Chat மட்டும் வராது.