வாங்கு

வாங்கு என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்து இருக்கும் நீளப் பலகை. தமிழ்நாட்டார் பெஞ்சு என்பார்கள். கடையில் வாங்குவதற்கும் பள்ளிவாசலில் சொல்லும் வாங்குக்கும் இதனோடு உறவில்லை. போர்த்துக்கேயரின் 'பாங்கோ' நம் வாயில் வாங்கு ஆனது. அவர்களுடைய 'பால்டே' வாளி ஆனது.

யாழ்ப்பாணத்தில் ஒருகாலம் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வாங்கில் இருக்க விடவில்லை. அவர்கள் நிலத்தில் இருந்து, சில இடங்களில் வகுப்புக்கு வெளியே நின்று, பாடம் கேட்டார்கள். அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாருக்கும் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது, 1930 ஆம் ஆண்டையொட்டி, அதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள்.

இன்று கொழும்பு வகுப்பில் எவரும் நிலத்தில் இல்லை. ஆனால் எந்த வாங்கு என்ற கேள்வி இருக்கிறது. நான் படிப்பித்த ஒரு தரம் 5 வகுப்பில், மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் மகள் ஒருத்தி கடைசி வாங்கில் இருந்தாள். சாதியை எவரும் கேட்கவில்லை. பதிவேட்டில் தகப்பனின் தொழிலும் சேரித் தோட்டத்து முகவரியும் இருந்தன, அதுவே போதுமாக இருந்தது. கொப்பிகளை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோவது முன்வாங்குப் பிள்ளை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வகுப்பைக் கழுவுவது இவள். "அவள் நல்லா வேலை செய்வாள் டீச்சர்" என்று சக ஆசிரியை அன்போடுதான் சொன்னார். அந்த அன்புதான் என்னை உறுத்தியது.

ஒரு கிழமை கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். புலமைப்பரிசில் பயிற்சியில் முன்வாங்குப் பிள்ளை தடுமாறினால் நான் காத்திருந்தேன், துப்புக் கொடுத்தேன். அவள் தடுமாறினால் உடனே அடுத்த பிள்ளையிடம் போனேன். பிழை என்னுடையதும்தான்.

அமெரிக்காவில் ரே ரிஸ்ட் என்ற சமூகவியலாளர் 1970 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. பாலர் வகுப்பின் எட்டாம் நாளே ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிரந்தரமாக இருத்திவிட்டார். எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. உடுப்பும் பேச்சும் குடும்ப நிலையுமே அளவுகோல். தூரத்து மேசைக்குக் குறைவாகவே கற்பித்தார். அதனால் வந்த பின்தங்கலைப் பார்த்து அடுத்த ஆண்டின் ஆசிரியையும் அந்தப் பிள்ளைகளைப் பின்னாலேயே இருத்தினார். இதனால்தான் கெட்டிக்காரரை முன்னுக்கு இருத்துகிறோம் என்ற பதிலை நான் ஏற்பதில்லை. இருத்திய பிறகுதான் பாதிக் கெட்டித்தனம் வருகிறது.

வாங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? அகராதியில் விசிப்பலகை உண்டு, எவரும் வழங்குவதில்லை. சம ஆசனத்துக்குச் சம இருக்கை நன்றாகப் பொருந்தும். ஆனால் வாங்குக்கு இருக்கை ஈடாகாது. இருக்கை ஒருவருக்கும் உரியதாகலாம். வாங்கில் ஒருவர் தோளோடு மற்றவர் தோள் முட்டும். யாழ்ப்பாணத்தில் தீ வைத்தவர்கள் பொறுக்காததும் அந்த முட்டலைத்தான். ஆகவே நான் வாங்கு என்றே எழுதுகிறேன்.