மூடிய பார்க்கிங் இடம் கேட்டு அசோசியேஷனுக்கு எழுதும்போது கவனிக்க வேண்டியவை

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை பக்கம் தூண்கள் மேல் எழுப்பிய அடுக்குமாடிகளில் வீடு வாங்கிய பலருடைய கிரயப் பத்திரத்தில் கார் நிறுத்தத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும்: 'ஒரு கார் நிறுத்துமிடத்துடன்.' அது கட்டடத்துக்கு அடியில் உள்ள மூடிய இடமா, மதில் ஓரத்துத் திறந்த இடமா, எண் என்ன என்று இருக்காது. பில்டர் சாவி கொடுத்த நாளில் வாய்மொழியாகக் காட்டிய இடத்தில் வேறொருவர் கார் நிற்கிறது. கேட்டால் 'அசோசியேஷனில் எழுதிக் கொடுங்கள்' என்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் அலைந்ததைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி இவ்வளவு போதும். தூண்களுக்கு இடையே உள்ள நிறுத்துமிடத்தை வீட்டிலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது என்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதி என்கிறது. நடைமுறையில் மூடிய இடங்களை பில்டர்கள் பத்திரத்திலோ ஒதுக்கீட்டுக் கடிதத்திலோ எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். யாருடைய காகிதத்திலும் எழுதப்படாத இடம் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவானது. அந்த இடத்தை நிர்வாகக் குழு உங்களுக்கு 'விற்க' முடியாது. உபயோகிக்க அனுமதி தரலாம், அதற்குக் கட்டணம் வாங்கலாம், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதிய கடிதங்கள்தான் பிற்பாடு தகராறில் முடிகின்றன.

ஆகவே கடிதத்துக்கு முன்பு காகிதங்களைத் தேடுங்கள். கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொத்து விவரம், கட்டுமான ஒப்பந்தம், பில்டரின் ஒதுக்கீட்டுக் கடிதம் ஆகிய மூன்றையும் வரி வரியாகப் படியுங்கள். 'மூடிய நிறுத்துமிடம் எண் 7' என்று எங்காவது இருந்தால் நீங்கள் வேண்டுகோள் எழுதவே கூடாது. அது உங்கள் உரிமை. 'என் இடத்தை ஒப்படையுங்கள்' என்றுதான் எழுத வேண்டும். சொந்த இடத்துக்கே 'தயவுசெய்து ஒதுக்கித் தாருங்கள், பணம் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரிடம், அந்தக் கடிதத்தையே காட்டி 'உங்களுக்கு இடம் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்' என்று சொன்ன குழுவை நான் பார்த்திருக்கிறேன்.

எதிலும் எண் இல்லை என்றால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பாருங்கள். எத்தனை கார் இடங்கள், எங்கெங்கே என்று அதில் இருக்கும். அசோசியேஷன் தராவிட்டால், திட்ட அனுமதி கொடுத்த அலுவலகம் சி.எம்.டி.ஏ.வா மாநகராட்சியா என்று பார்த்து, அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம். அந்தச் சட்டத்தில் அசோசியேஷனிடமே கேட்டுப் பயன் இல்லை. அது அரசு அமைப்பு அல்ல.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி. பெரும்பாலான அசோசியேஷன்களில் வீட்டு உரிமையாளர்தான் உறுப்பினர். வாடகைதாரர் தம் பெயரில் கொடுக்கும் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்வார்கள். கூட்டத்தில் வைக்க மாட்டார்கள். மாதங்கள் கழித்து, 'உறுப்பினர் அல்லாதவர்' என்று பதில் வரும். உரிமையாளர் பெயரில் எழுதி, அவர் கையெழுத்தோடு கொடுங்கள். உரிமையாளருக்கு மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பாக்கி இருந்தால் வேறு எந்தக் காரணமும் தேவைப்படாது, கடிதத்தை ஒதுக்கி வைக்க அதுவே போதும்.

அடுத்தது, எந்த இடம் என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். 'ஏதாவது ஒரு மூடிய இடம்' என்று எழுதினால் யாருக்கும் வேண்டாத இடம்தான் கிடைக்கும். கார் இடத்துக்கு விதிப்படி 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். டேப் வைத்து அளந்தால் தூண் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். மின் மீட்டர் பலகைக்கு முன்னால் உள்ள இடம் வேண்டாம். சம்ப் மூடிக்கு மேலே உள்ள இடமும் வேண்டாம். கோடையில் மெட்ரோ வாட்டர் லாரி விடியற்காலையில் வந்து நிற்கும், குழாயை இறக்க உங்களை எழுப்பி காரை எடுக்கச் சொல்வார்கள். தெருவைவிடத் தாழ்ந்த தளமா என்றும் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வட சென்னையில் தண்ணீர் நின்ற தெருக்களில், கூரை இருந்தும் கார்கள் நனைந்தன.

காரணங்களுக்கு வருகிறேன். 'வெயிலில் பெயிண்ட் போகிறது' என்பது எல்லோருக்கும் உள்ள காரணம்; அதை வைத்து உங்களை முன்னால் நிறுத்த மாட்டார்கள். குழு மறுக்கச் சங்கடப்படுவது உடல்நலம் சார்ந்த, காகிதத்தோடு வரும் காரணத்தை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவமனை வெளியேற்றக் குறிப்பு போன்றவற்றின் நகலை இணையுங்கள். சக்கர நாற்காலியோடு இறங்குபவருக்கு 3.6 மீட்டர் அகலம் வேண்டும் என்பது மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல். ஆகவே நடைபாதையை ஒட்டிய இடத்தைக் கேளுங்கள். கடலுக்கு அருகே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருந்தால் உப்புக் காற்றில் துருப்பிடிப்பதை இரண்டாவது காரணமாகச் சேர்க்கலாம். முதல் காரணமாக வேண்டாம்.

ஒரு கடிதத்தையே எழுதிக் காட்டுகிறேன். தண்டையார்பேட்டையில் 24 வீடுகள், கட்டடத்துக்கு அடியில் 18 மூடிய இடங்கள் உள்ள ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாடிப் பெண்மணியின் கணவருக்குப் பக்கவாதம், ஊன்றுகோலோடு நடக்கிறார். அவர்கள் கார் பின்மதில் ஓரம் நிற்கிறது. லிஃப்ட் அருகே உள்ள 7-ஆம் எண் இடம் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. ஆனால் குழு உறுப்பினர் ஒருவரின் இரண்டாவது கார் அங்கே நிற்கிறது.

'செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் 3-சி வீட்டின் உரிமையாளர், சங்க உறுப்பினர். மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட என் கணவர் பின்மதில் ஓரத்திலிருந்து லிஃப்ட் வரை ஊன்றுகோலோடு நடக்க வேண்டியிருக்கிறது. மழையில் தரை வழுக்குகிறது. எங்கள் பத்திரத்தில் நிறுத்துமிட எண் இல்லை. லிஃப்ட் அருகே உள்ள 7-ஆம் எண் மூடிய இடம் எந்த உறுப்பினருக்கும் ஒதுக்கப்படவில்லை என்று அறிகிறேன். அதை எங்கள் ஒரு காருக்கு ஓராண்டுக்கு, புதுப்பிக்கும் வசதியுடன், உபயோகிக்க அனுமதிக்கக் கோருகிறேன். பொதுக்குழு எல்லோருக்கும் ஒரே மாதிரி நிர்ணயிக்கும் கட்டணத்தை, மாதம் 1,000 ரூபாய் வரை, சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்துகிறேன். இதற்கு ஈடாக இப்போதுள்ள திறந்த இடத்தை ஒப்படைக்கிறேன். இந்த விண்ணப்பத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் வைத்து, முடிவை எழுத்தில் தெரிவிக்கவும். மருத்துவக் குறிப்பின் நகல் இணைப்பு.'

இதில் குழு உறுப்பினரின் இரண்டாவது காரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அதை எழுதிவிட்டால் பேச்சு உங்கள் கணவரின் காலை விட்டு அவருடைய மானத்துக்குப் போய்விடும். 'ஒதுக்கப்படவில்லை என்று அறிகிறேன்' என்ற வரி போதும். அதை மறுக்க வேண்டுமானால் அவர்கள் ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து வைத்தாக வேண்டும்.

பணம் தரத் தயார் என்பதை எழுதும் விதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாதக் கட்டணம், ரசீது, சங்கக் கணக்கு ஆகிய மூன்றுக்கு வெளியே எதற்கும் சம்மதிக்காதீர்கள். 'ஒரே தடவையாக இரண்டு லட்சம் கொடுத்தால் இடம் நிரந்தரமாக உங்களுக்கு' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பொது இடத்தை நிரந்தரமாகத் தர குழுவுக்கு அதிகாரம் இல்லை. அடுத்த குழு வந்ததும் உங்கள் இரண்டு லட்சத்துக்கு விளக்கம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம் மூடிய இடத்தை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி விற்பதும் அப்படித்தான். பதிவு செய்யாத அந்தத் தாள் உரிமையை மாற்றாது. அவர் வீட்டை விற்றதும், புதிதாக வாங்கியவர் தம் பத்திரத்தோடு வந்து நிற்பார்.

இனி அலைக்கழிப்பு. செயலாளர் தலைவரைக் கேட்கச் சொல்வார். தலைவர் பில்டரைக் கேட்கச் சொல்வார். பில்டர் 'கட்டடத்தை ஒப்படைத்தாயிற்று, அசோசியேஷனைக் கேளுங்கள்' என்பார். அக்கம்பக்கத்தார் எல்லோரிடமும் ஆட்சேபணை இல்லாக் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். துணை விதிகளில் அப்படி ஒரு நிபந்தனை எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது. கடிதத்தின் இரண்டாம் பிரதியில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப் குழுவில் போடுவது விண்ணப்பம் ஆகாது. பத்துப் பேர் கட்டைவிரல் காட்டினாலும் ஆகாது.

'சரி, நிறுத்திக்கொள்ளுங்கள்' என்ற வாய்வார்த்தையை நம்பி காரை உள்ளே கொண்டுபோகாதீர்கள். கூட்டக் குறிப்பேட்டில் இட எண், வீட்டு எண், காலம், கட்டணம் நான்கும் தீர்மானமாக ஏறியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதோடு ஆண்டுப் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். குழு மாறினாலும் பொதுக்குழுத் தீர்மானத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

மறுத்துவிட்டால் எங்கே போவது? உங்கள் அசோசியேஷன் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால் மாவட்டப் பதிவாளரிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் 36-ஆம் பிரிவின்படி அவர் தாமாகவோ, குழுவில் பெரும்பான்மையோரோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களோ மாவட்ட ஆட்சியரோ கேட்டாலோதான் விசாரணை நடத்துவார். 24 வீட்டுக் கட்டடத்தில், வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்றால், எட்டுப் பேர் கையெழுத்து வேண்டும். தனி ஆளாகக் கொடுக்கும் மனு தபாலில் சேர்ந்து கிடக்கும். ஆகவே மறுப்பு வந்ததும் பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடாமல், உங்களைப் போலவே இடம் கிடைக்காத மற்ற வீட்டுக்காரர்களைத் தேடுங்கள். எல்லா மூடிய இடங்களின் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று எட்டுப் பேராகக் கையெழுத்திட்டுக் கேளுங்கள். அந்த ஒரு பட்டியலை ஒட்டுவதற்குள் இரண்டாவது கார்கள் பல தாமாகவே வெளியே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.